அக்டோபர் 2 அன்று வேலைக்கு வந்த நான்கு பேர்

நான் அப்போது கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பேக்கிங், லோடிங் வேலைக்கு மில்லில் சொந்த ஆட்கள் கிடையாது, காண்ட்ராக்டர் ஆட்கள்தான். ஒரு ஷிப்டுக்கு 640 ரூபாய் என்று காண்ட்ராக்டரிடம் பேச்சு. மாதக் கடைசியில், அவர்கள் வருகையைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸிலிருந்து ஒரு எக்செல் ஷீட்டின் பிரிண்ட் வரும். மொத்த ஷிப்டை 640ஆல் பெருக்கி காண்ட்ராக்டர் பில் போடுவார், நாங்கள் பாஸ் செய்வோம். ஆட்களுக்குக் கூலி கொடுப்பது அவர் பொறுப்பு.

எங்கள் சொந்தத் தொழிலாளி ஒருவருக்குச் சம்பளம் கூடிப்போனால் அவருடைய வங்கிக் கணக்கில் தெரிந்துவிடும். குறைந்துபோனால் அன்றைக்கே வந்து நிற்பார். காண்ட்ராக்ட் பில்லில் அந்த வசதி இல்லை. அங்கே பணமாக மாறுவது மொத்தம் என்ற ஒரே ஒரு எண். அது தப்பாக இருந்தால் குரல் கொடுக்க யாரும் இல்லை.

அந்த ஷீட்டை வடிவமைத்தது நான்தான். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஷீட்டில் ஆறாவது வரியிலிருந்து ஆட்களின் பெயர். A பத்தியில் வரிசை எண், B-யில் டோக்கன் நம்பர், C-யில் பெயர், D-யில் ‘பணியில்’ அல்லது ‘விலகல்’. E முதல் AI வரை மாதத்தின் 31 நாட்கள். முழு ஷிப்டுக்கு 1, பாதிக்கு 0.5, வராதவருக்குக் காலி. AJ-யில் அந்த ஆளின் மாத மொத்தம். ஒரு வரி காலியாக விட்டு 77ஆவது வரியில் ஒவ்வொரு நாளுக்கும் கூட்டல், கடைசியில் AJ77-இல் எல்லாவற்றுக்கும் மொத்தம்:

```
=SUM(AJ6:AJ75)
```

விலகியவர்கள் பெயர் பிரிண்டில் வரக்கூடாது என்பதற்காக D பத்தியில் ஃபில்டர் போட்டு ‘விலகல்’ என்பதை எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தால் வரிசை எண் 1, 2, 5 என்று தாவும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அதற்கு A பத்தியில் நான் ஒரு வித்தை செய்து வைத்திருந்தேன்:

```
=SUBTOTAL(103,$C$6:C6)
```

கண்ணுக்குத் தெரியும் பெயர்களை மட்டும் எண்ணும் சூத்திரம் இது. எத்தனை பேரை மறைத்தாலும் வரிசை எண் 1, 2, 3 என்று அழகாக வரும். இதை டைம் ஆபீஸில் செய்து காட்டியபோது எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. வரி மறைந்திருக்கிறது என்று பிரிண்டைப் பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே அடையாளத்தை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

நவம்பர் முதல் வாரம். இளநிலை எழுத்தராக ஒரு பெண் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பி.காம் முடித்தவர், வீட்டில் மளிகைக்கடை. அக்டோபர் மாதக் காண்ட்ராக்ட் பில்லை அவர் மேசையில் வைத்து, “ஷீட்ல இருக்கற மொத்தமும் பில்லுல இருக்கற மொத்தமும் ஒண்ணான்னு பாத்து டிக் போட்டுக் கொடும்மா” என்றேன். இரண்டிலும் 1,291 ஷிப்ட். பில் தொகை 8,26,240. ஒரு நிமிட வேலை.

அரை மணி நேரமாகியும் பில் வரவில்லை. எட்டிப் பார்த்தால் கால்குலேட்டரை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். பிரிண்டில் இருந்த 62 பேரின் மொத்தத்தையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“எக்செல் கூட்டினதை எதுக்கும்மா மறுபடி கூட்டறே?”

“கடையில அப்பா கம்ப்யூட்டர் பில்லையே ஒருக்கா கூட்டிப் பாப்பாருங்க சார். பழகிருச்சு. ஆனா டேலி ஆகலீங்க. எனக்கு 1,248 வருது.”

“தப்பாத் தட்டியிருப்பே.”

“மூணு தடவை தட்டிட்டேனுங்க. மூணு தடவையும் 1,248.”

வித்தியாசம் 43. கணக்கெழுத்தில் பழைய ஆட்கள் சொல்லிக்கொடுக்கும் இரண்டு சோதனைகள் உண்டு. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54 என்பதை 45 என்று எழுதிய மாதிரி. வகுபடவில்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்த எண் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தால் அப்படித்தான் தெரியும். 43 ஒன்பதால் வகுபடாது. பாதி 21.5. பட்டியலில் ஒருவருக்குச் சரியாக 21.5 ஷிப்ட் இருந்தது. “அங்கதான் இருக்கு, பாரு” என்று சொல்லிவிட்டு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

அந்த ஷீட்டில் கழித்தல் என்ற பேச்சே இல்லை. எல்லாம் கூட்டல். பாதி எண் சோதனைக்கு அங்கே இடமே கிடையாது. 21.5 இருந்தது வெறும் தற்செயல். ஆனால் சேர்ந்து மூன்று வாரமே ஆன பெண்ணிடம் ஆபீசர் சொன்னால் தேடத்தானே செய்வார்? அந்த ஆளின் 31 கட்டங்களையும் கேட் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டு ஒரு மணி நேரம் போக்கியிருக்கிறார். எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது.

அப்புறம் அவராகவே ஒன்று செய்தார். மேலிருந்து கீழே கூட்டுவதை விட்டுவிட்டு, நாள்வாரியாக எந்தப் பத்தியில் வித்தியாசம் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிட்டார். பிரிண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், அக்டோபர் 2 மில்லு லீவுதானுங்களே?”

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய விடுமுறை. அதற்கென்று 1958ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. எங்கள் மில்லிலும் அன்று கேட் பூட்டுதான்.

“ஆமா, லீவுதான்.”

“நாலு பேர் வேலை செஞ்சிருக்காங்களே.”

பார்த்தேன். 2ஆம் தேதிப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 62 பேருக்கும் காலி. அடியில் மொத்தம் மட்டும் 4.

வேறு எந்த நாளாக இருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. ஒரு நாளில் 42 பேர் வந்ததை 47 என்று காட்டினால் எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. ஒன்றுமே இல்லாத பத்திக்கு அடியில் 4 என்று நின்றால் தப்பிக்க வழியில்லை. அதே மொத்தத்தில் நான் நான்கு மாதமாகக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன்.

பிரிண்டை ஓரமாக வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தோம். திரையில் பார்த்தால் எல்லாமே முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இடது ஓரத்தில் வரி எண்கள் நீல நிறத்தில் இருந்தன. ஃபில்டர் போட்ட ஷீட்டில் எக்செல் வரி எண்ணை நீலமாகக் காட்டும். 10க்கு அடுத்து 12 வந்தது. AJ6-இலிருந்து AJ75 வரை இழுத்துத் தேர்வு செய்ததும் திரையின் அடிப்பட்டையில் கூட்டல் 1,248, எண்ணிக்கை 62 என்று காட்டியது. அந்த அடிப்பட்டை, தெரியும் கட்டங்களை மட்டும் கூட்டிச் சொல்லும். சூத்திரத்தில் இருக்கும் SUM அப்படியல்ல. வரி தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை, சொன்ன எல்லைக்குள் இருப்பது அத்தனையையும் கூட்டும். 6 முதல் 75 வரை 70 வரிகள். தெரிவது 62.

ஃபில்டரை நீக்கினோம். எட்டுப் பேர் எழுந்து வந்தார்கள், எட்டுப் பேருக்கும் ஷிப்டோடு.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் தோன்றியது டைம் கீப்பரும் காண்ட்ராக்டரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான். இல்லாத ஆட்களைப் பட்டியலில் ஏற்றிக் கூலி வாங்குவது இந்தத் தொழிலில் புதிதல்ல. மேனேஜரிடம் போகலாம் என்று எழுந்தேன். அந்தப் பெண்தான், “சார், செப்டம்பர் ஷீட்டையும் ஒருக்கா திறந்து பாத்தர்லாமுங்களா?” என்றார். அந்த ஒரு கேள்வி, முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லும் பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றியது.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு ஷீட்டிலும் ஃபில்டரை நீக்கி, அந்த எட்டு டோக்கன்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு ஆள் மே மாதத்தில் 3 ஷிப்ட் செய்துவிட்டு விலகியிருக்கிறார். அந்த மூன்று 1-களும் ஜூன், ஜூலை என்று அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் அதே தேதிகளில் அப்படியே இருந்தன. ஜூனில் இரண்டு பேர் விலகியிருக்கிறார்கள், 6.5, 4. ஜூலையில் ஒருவர், 2. ஆகஸ்டில் ஒருவர், 8. செப்டம்பரில் ஒருவர், 5. விலகிய மாதத்து வருகை ஒரு மாற்றமும் இல்லாமல் அடுத்தடுத்த மாதங்களுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஏமாற்றுகிறவன் இப்படிச் செய்யமாட்டான். மாதத்துக்கு மாதம் புதிதாக எண் போடுவான், அதுவும் முழு மாதத்துக்குப் போடுவான். மில் பூட்டிக் கிடக்கும் நாளில் வருகை போடமாட்டான். இது போட்டது அல்ல, அழியாமல் தங்கியது. எப்படித் தங்கியது என்பதுதான் பாக்கி.

ஃபில்டர் நீக்கியதைச் சேமிக்காமல் ஃபைலை மூடிவிட்டு, டைம் கீப்பரைக் கூப்பிட்டு, “அண்ணா, நவம்பர் ஷீட்டை எப்படிப் போடுவீங்கன்னு எங்க முன்னாடி ஒருக்கா செஞ்சு காட்டுங்க” என்றேன். அவருக்கு விஷயம் தெரியாது. சாவகாசமாக உட்கார்ந்து செய்தார். அக்டோபர் ஷீட்டின் மேல் வலது கிளிக், Move or Copy, Create a copy. பெயரை மாற்றினார். E6-இலிருந்து AI75 வரை மொத்தமாகத் தேர்வு செய்தார். Delete விசையை அழுத்தினார். கட்டங்கள் எல்லாம் காலியாகின.

“அவ்வளவுதானுங்க. இனி ஒண்ணாந்தேதியில இருந்து போட்டுட்டே வர வேண்டியதுதான்.”

திரையின் அடியில் புது மாதத்தின் மொத்தம் தெரிந்தது. ஒருவரும் இன்னும் வேலைக்கு வராத மாதத்துக்கு 43.

ஷீட்டை நகல் எடுக்கும்போது ஃபில்டரும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஃபில்டர் போட்டிருக்கும்போது Delete விசை, தெரியும் கட்டங்களை மட்டுமே காலி செய்யும். ஃபில்டரால் மறைந்த வரிகளைத் தொடாது. அதனால் இருக்கிறவர்களின் வருகை அழியும், போனவர்களின் வருகை அழியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் ஃபில்டரை விட்டுவிட்டு, விலகியவர்களின் வரியை வலது கிளிக் செய்து Hide என்று கையால் மறைத்திருந்தால் இந்தப் பிழை நடந்தே இருக்காது. கையால் மறைத்த வரிகளை ஊடே வைத்துத் தேர்வு செய்து Delete அழுத்தினால் மறைந்தவையும் சேர்ந்தே காலியாகிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான், வரி காணாமல் போகிறது. எக்செலுக்கு இரண்டும் வேறு வேறு.

மறைந்த வரி இப்படி ஆளைக் கவிழ்ப்பது எங்கள் மில்லோடு முடிகிற கதையல்ல. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அதன் தொழிலின் ஒரு பகுதியை பார்க்லேஸ் வாங்கியது. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்கிறோம் என்ற பட்டியல் எக்செலில் இருந்தது. வேண்டாத ஒப்பந்தங்களை நீக்காமல் மறைத்து மட்டும் வைத்திருந்தார்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அதைப் பிடிஎஃப் ஆக மாற்றும் வேலை ஒரு சட்ட நிறுவனத்தின் இளம் வழக்கறிஞரிடம், நள்ளிரவுக் கெடுவுக்குச் சற்று முன்னால் வந்தது. மாற்றியபோது மறைந்த வரிகள் வெளியே வந்து, வேண்டாத 179 ஒப்பந்தங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அதைத் திருத்தச் சொல்லி அக்டோபரில் நீதிமன்றத்துக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. அங்கே மறைந்தது பிரிண்டில் வந்து மானத்தை வாங்கியது. எங்கள் ஊரில் பிரிண்டிலும் வராமல் பணத்தை வாங்கியது.

எவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டோம். ஜூனில் அதிகமாகப் போனது 3 ஷிப்ட். ஜூலையில் 13.5. ஆகஸ்டில் 15.5. செப்டம்பரில் 23.5. நான்கு மாதமும் சேர்த்து 55.5 ஷிப்ட், 35,520 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் விலகியவர் வரி ஒருமுறை சேர்ந்தால் அப்புறம் நீங்குவதில்லை, அதனால் எண் ஏறிக்கொண்டே போகும், ஒருநாளும் இறங்காது. மாத பில்லில் அதிகபட்சம் இரண்டு சதவீதம் சொச்சம் என்பதால் போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் பிடிபடாது. லோடு கூடுதல் குறைச்சலில் அதைவிட அதிகமாகவே ஏறி இறங்கும்.

அக்டோபர் பில் இன்னும் பாஸ் ஆகவில்லை. நான் அதற்குள் தீர்வுக்குத் தாவிவிட்டேன். SUM இருக்கும் இடத்தில் இதைப் போட்டால் தீர்ந்தது என்றேன்:

```
=SUBTOTAL(109,AJ6:AJ75)
```

SUBTOTAL-இல் முதலில் வரும் எண்தான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. 9 என்றாலும் கூட்டல், 109 என்றாலும் கூட்டல். 9 போட்டால் ஃபில்டரால் மறைந்ததை விட்டுவிடும், கையால் மறைத்ததைச் சேர்த்துக்கொள்ளும். 109 போட்டால் இரண்டையும் விட்டுவிடும். போட்டதும் 1,248 வந்தது. கால்குலேட்டரோடு டேலி. பில்லைத் திருத்தி அனுப்பச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.

“சார், எட்டுப் பேருல ஆறு பேருதானுங்களே பழைய ஆளுக? மீதி ரெண்டு பேர் இந்த மாசந்தான் நின்னிருக்காங்க. ஒருத்தர் 7ஆம் தேதி வரைக்கும் 5.5, இன்னொருத்தர் 11ஆம் தேதி வரைக்கும் 9. கேட் ரெஜிஸ்டர்லயும் இருக்குதுங்க. அவங்க செஞ்ச வேலைக்குக் காசு வேண்டாமுங்களா?”

போனைக் கீழே வைத்தேன். அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. முதன்முதலில் நான் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது SUM அல்ல, SUBTOTAL-தான். அதற்கு முந்தைய வருடம் காண்ட்ராக்டர் வந்து, மாத நடுவில் நின்ற ஆட்களின் ஷிப்ட் பில்லில் வருவதே இல்லை என்று சண்டை போட்டார். பார்த்தால் அவர் சொன்னது சரி. ‘விலகல்’ என்று போட்டு மறைத்ததும் அவர்கள் உழைப்பும் மொத்தத்திலிருந்து மறைந்துவிட்டது. அதைத் திருத்தத்தான் SUM ஆக மாற்றினேன். மறைந்த வரிகளையும் மொத்தம் எண்ண வேண்டும் என்பதே அன்றைக்கு நான் வேண்டுமென்று செய்த மாற்றம். மாற்றிவிட்டு மறந்தும்விட்டேன்.

ஆக 1,291 தப்பு, 1,248ம் தப்பு. எட்டுப் பேரின் 43 ஷிப்டில் ஆறு பேரின் 28.5 பழைய மிச்சம், இரண்டு பேரின் 14.5 நியாயமாகச் சேர வேண்டியது. சரியான எண் 1,262.5. என் அவசரத் தீர்வை அமல்படுத்தியிருந்தால் 18,240 ரூபாய் அதிகம் போவதை நிறுத்திவிட்டு, 9,280 ரூபாயைக் குறைத்துக் கொடுத்திருப்போம். கால்குலேட்டரோடு டேலி ஆகிவிட்டது என்ற திருப்தியும் சேர்ந்திருக்கும்.

ஒரு வரி மறைந்திருக்கிறதா என்பது பிரிண்ட் எடுப்பவரின் வசதி. ஒரு ஆளுக்குக் காசு சேருமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்குப் பயன்படுத்தியதுதான் என் இரண்டு சூத்திரங்களிலும் இருந்த ஓட்டை. மறைவைப் பொறுத்து மாறும் மொத்தத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நாளைக்கு யாராவது லோடிங் ஆட்களை மட்டும் பார்க்க ஃபில்டர் போட்டுவிட்டு, அப்படியே பிரிண்ட் கொடுத்தால் பில் பாதியாகிவிடும்.

அதனால் D பத்தியில் ‘பணியில்’, ‘விலகல்’ என்று எழுதுவதை நிறுத்தி, விலகிய தேதியைப் போடச் சொன்னோம். வேலையில் இருப்பவருக்கு அது காலி. B2-இல் மாதத்தின் முதல் தேதி. மொத்தம் இப்படி ஆனது:

```
=SUMIFS(AJ6:AJ75,D6:D75,"")
 +SUMIFS(AJ6:AJ75,D6:D75,">="&B2)
```

விலகிய தேதி காலியாக உள்ளவர்களையும், இந்த மாதத்தில் விலகியவர்களையும் மட்டும் கூட்டு என்பது இதன் பொருள். வரி தெரிந்தாலும் மறைந்தாலும் இது மாறாது. அக்டோபருக்குப் போட்டுப் பார்த்தோம், 1,262.5 வந்தது.

அதன் அடியில் இரண்டு சோதனைக் கட்டங்கள் வைத்தோம். முதலாவது, SUM கொடுப்பதிலிருந்து இந்த மொத்தத்தைக் கழித்தது. அது எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் போன ஆள் ஒருவரின் வரியில் பழைய எண் கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, மொத்தத்திலிருந்து SUBTOTAL(109) கொடுப்பதைக் கழித்தது. அது பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. பிரிண்டில் தெரியாத வரிகளில் எத்தனை ஷிப்ட் இருக்கிறது என்று பிரிண்டிலேயே சொல்லும். அக்டோபருக்கு 14.5. கால்குலேட்டரில் கூட்டுகிறவருக்கு வித்தியாசம் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை.

மாதம் தொடங்கும்போது போன மாதத்து ஷீட்டை நகல் எடுப்பதும் நின்றது. வருகை ஒன்றுமே இல்லாத ஒரு மூல ஷீட், அதிலிருந்துதான் ஒவ்வொரு மாதமும் நகல். வரிசை எண் வித்தையை நான் எடுத்துவிட்டேன். எண் தாவட்டும், பார்க்கிறவன் கேட்கட்டும்.

காண்ட்ராக்டரிடம் சொன்னபோது அவர் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. “நீங்க கொடுத்த எண்ணுக்குத்தானுங்க நான் பில் போட்டேன்” என்றார். அது நிஜம். தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்க அவரிடம் ஒரு நோட்டு இருக்கும், அதில் வேறு எண் இருந்திருக்கும் என்பதும் நிஜமாகத்தான் இருக்கும். அதை நான் கிளறவில்லை. 55.5 ஷிப்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 41,913.60 ரூபாய்க்கு கிரெடிட் நோட் கொடுத்தார், அக்டோபர் பில்லில் கழித்துக்கொண்டோம். மேனேஜர், யார் தப்பு என்று கேட்டார். ஷீட் என்னுடையது என்றேன். டைம் கீப்பர் மட்டும் ஒரு வாரம் எங்கள் அறைப் பக்கமே வரவில்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனாலும்.

டிசம்பரில் நவம்பர் ஷீட் வந்தது. முதல் சோதனைக் கட்டத்தில் பூஜ்யம் இல்லை, 9 என்று நின்றது. மூல ஷீட்டிலிருந்து எடுத்ததில் பழைய மிச்சம் எப்படி வரும்? ஒன்பதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று சொல்லி மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் ஷீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு D பத்தியில் விரலை வைத்தார். விலகியவர்கள் மூன்று பேர். இரண்டு தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றன. மூன்றாவது, 10.11 என்று ஆரம்பித்த தேதி, இடது ஓரத்தில் நின்றது. நாம் காகிதத்தில் எழுதுவது போலவே டைம் கீப்பர் இடையில் புள்ளி வைத்து அடித்திருந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் புள்ளி வைத்தால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகத்தான் வைத்திருக்கும். எழுத்து ஒரு தேதியைவிடப் பெரிதா சிறிதா என்று SUMIFS பார்க்காது, விட்டுவிடும். அந்த ஆள் செய்திருந்தது 9 ஷிப்ட்.

புள்ளியை எடுத்துவிட்டு கோடு போட்டார். கட்டம் பூஜ்யமானது. நான் எட்டாவது வரியில் இருந்தேன்.